ஹெல்சிங்கியில் தலைப்பொங்கல்

ஜனவரி 11, சனி

அக்டோபரில் ஹெல்சிங்கி வந்து இறங்கியபோது எங்கள் இரண்டு பெட்டிகளிலும் அதிக எடை பிடித்தது கம்பளிச் சட்டை இல்லை, ஒரு வெண்கலப் பானை. எனக்கு இது தலைப்பொங்கல். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் பொங்கப்படி கொடுக்காமல் இருக்க மாட்டார்கள். பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் குலை, கரும்பு, பனங்கிழங்கு எல்லாம் தை பிறப்பதற்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிடும். ஜனவரியில் ஃபின்லாந்துக்குக் கரும்புக் கட்டோடு வர முடியாது என்பதால் அம்மா மூன்று மாதம் முன்னாலேயே பானையை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினாள். விமான நிலையத்தில் எடை கூடிப்போய் நான் இரண்டு சுடிதார்களை எடுத்து அண்ணனிடம் கொடுக்க வேண்டியிருந்தது. பானையில் யாரும் கை வைக்கவில்லை.

இன்று அந்தப் பானையைக் கழுவித் துடைத்து, விபூதிப் பட்டை இட்டு, ஒரு சோதனைக்காகத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தேன். அடுப்பு 'பாத்திரம் இல்லை' என்று ஒரு குறியை மினுக்கிவிட்டு ஒரு நிமிடத்தில் அணைந்துபோனது.

எங்களுடையது வாடகை வீடு. அடுப்பு இண்டக்‌ஷன். அது காந்தப் புலத்தால் பாத்திரத்தின் அடியையே சூடாக்கும் வகை. இரும்போ, காந்தம் ஒட்டும் எவர்சில்வரோ இருந்தால்தான் வேலை செய்யும். வெண்கலம், பித்தளை, செம்பு, அலுமினியம், மண் எதையும் அது பாத்திரமாகவே மதிக்காது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துப் பானையின் அடியில் வைத்துப் பார்த்தேன். வழுக்கிக் கீழே விழுந்தது. மூன்று மாதமாக அலமாரியில் இருந்த பானைக்கு அந்தச் சோதனையை ஒரு நாளும் செய்யவில்லை என்பதுதான் எங்கள் இரண்டு பேர் படிப்பின் லட்சணம்.

நடுவில் ஒரு இரும்புத் தட்டு வைத்து, அதன் மேல் வேறு உலோகப் பாத்திரம் வைக்கும் வழி ஒன்று உண்டு. தட்டு சூடாகி, அந்தச் சூடு பானைக்கு ஏற வேண்டும். பால் பொங்கும் அளவுக்கு ஏறுவதற்குள் தட்டு அதிகமாகச் சுட்டு அடியிலிருக்கும் கண்ணாடியைக் கெடுத்துவிட்டால் பணத்தைக் கட்டப்போவது நாங்கள்தான். வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

"பானை சாமி அலமாரியில இருக்கட்டும். எவர்சில்வர்ல பொங்குவோம்" என்றார் இவர். இவருக்குத் தஞ்சாவூர். அங்கேயும் பானைப் பொங்கல்தான், ஆனால் எதையும் சுலபமாக்கிவிடும் மனசு இவருக்கு.

சாயங்காலம் ஹக்கனியெமிப் பக்கம் ஆசியக் கடைகளுக்குப் போனோம். வெல்லம், பாசிப்பருப்பு, நெய், பச்சை மஞ்சள் கிழங்கு எல்லாம் கிடைத்தன. கரும்பு என்று கேட்டதற்குக் கடைக்காரர் உறைபெட்டியைத் திறந்து காட்டினார். தோல் சீவி, விரல் நீளத்துக்கு வெட்டி, பையில் அடைத்து உறைய வைத்திருந்தார்கள். கரும்பு என்றால் வாசலில் சாத்தி வைப்பதற்கு. இதை எங்கே சாத்துவது? இருந்தாலும் வாங்கினேன்.

பாலை மட்டும் கவனமாக எடுத்தேன். வந்த புதிதில் பால் என்று நினைத்து 'பீமா' வாங்கி வந்து காப்பியில் ஊற்றியிருக்கிறேன். அது புளிக்க வைத்த மோர் மாதிரியான ஒன்று. காப்பி திரிந்துபோனதும் மீதியில் மோர்க்குழம்பு வைத்தேன், அது நன்றாகவே இருந்தது. பொங்கலுக்கு வேண்டியது சிவப்பு அட்டைப்பெட்டி, 'தாய்ஸ்மைத்தோ', கொழுப்பு எடுக்காத முழுப்பால். தாய் என்றே பெயரில் இருப்பதால் மறக்காது.

ஜனவரி 12, ஞாயிறு

ஒத்திகை. சிரிக்க வேண்டாம், இதனால்தான் செவ்வாய்க்கிழமை தப்பிக்கப்போகிறோம்.

வாய் அகலமான சட்டியில் பாலும் தண்ணீருமாக முதலில் பாதி ஊற்றினோம். பால் சூடாகும்போது மேலே ஏடு படியும், அடியிலிருந்து வரும் ஆவி அதில் சிக்கி நுரையாக எழும்பும். அதனால்தான் பால் பொங்குகிறது, வெறும் தண்ணீர் கொதிக்கத்தான் செய்கிறது. வாய் அகலமாக இருந்தால் நுரை பரவி உடைந்துவிடும். பாதிச் சட்டியாக இருந்ததால் விளிம்புவரை வந்து எங்களைப் பார்த்துவிட்டு இறங்கிப்போனது. பொங்கல் பானையின் கழுத்து குறுகியிருப்பதன் வேலை எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்து உயரமான, ஒடுக்கமான எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்து முக்கால்வரை ஊற்றி முன்பக்க அடுப்பில் வைத்தோம். நாலைந்து நிமிடத்தில் ஜோராகப் பொங்கி வழிந்தது. இவர் "பொங்கலோ..." என்று ஆரம்பித்தார். வழிந்த பால் நேராக ஓடி, விரலால் தொட்டு இயக்கும் பொத்தான்களின் மேல் ஏறியது. அடுப்பு கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டுத் தானாக அணைந்துவிட்டது. பொத்தான் மேல் ஈரம் பட்டால் யாரோ தாறுமாறாகத் தொடுகிறார்கள் என்று நினைத்து அணைந்துவிடும்படி அதைச் செய்திருக்கிறார்கள். பால் பொங்கினால் ஆபத்து என்று நம்பும் அடுப்பு, பால் பொங்கினால் அதிர்ஷ்டம் என்று நம்பும் குடும்பம். இரண்டையும் ஒரே சமையலறையில் போட்டிருக்கிறது விதி.

ஜனவரி 13, திங்கள், போகி

இங்கே பழையதைக் கொளுத்த முடியாது. முற்றத்தில் தீ வைத்தால் தீயணைப்பு வண்டிதான் வரும். கீழே குப்பை அறையில் காகிதத்துக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, உலோகத்துக்கு ஒன்று, சாப்பாட்டுக் கழிவுக்கு ஒன்று என்று வரிசையாகத் தொட்டிகள் இருக்கின்றன. எங்கள் போகி, கிழிந்த அட்டைப்பெட்டிகளைத் தட்டையாக்கி அட்டைத் தொட்டியில் போட்டதோடு முடிந்தது. போடாத இரண்டு சட்டைகளை மறுபயன்பாட்டுக் கடைக்கென்று தனியாகக் கட்டி வைத்தேன்.

ஆனால் குப்பை அறைக்குப் போன இடத்தில் ஒன்று பார்த்தேன். கீழ்த்தளத்துப் பாட்டி ஒரு கிறிஸ்துமஸ் மரத்தை இழுத்துக்கொண்டு வந்தார். படியெல்லாம் ஊசி இலை. முற்றத்து மூலையில் ஏற்கெனவே நாலு மரங்கள் கிடந்தன. இன்றைக்கு நூட்டி நாளாம். ஜனவரி 13 இங்கே கிறிஸ்துமஸ் கடைசியாக வெளியேறும் நாள், மரத்தையும் அலங்காரத்தையும் தூக்கிப் போடுவார்கள். 'நல்ல தோமா கிறிஸ்துமஸைக் கொண்டு வருவான், பொல்லாத நூட்டி கொண்டு போவான்' என்று பழமொழியே இருக்கிறது. எங்கள் நாட்டிலும் இன்றைக்குப் பழையதை வெளியே போடுவோம் என்று நான் சொன்னதைப் பாட்டி நம்பினாரா என்று தெரியவில்லை. நாலைந்து வீட்டில் ஒரே நாளில் பழையது வெளியே போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தபோது தெருவே போகி கொண்டாடியது மாதிரிதான் எனக்கு இருந்தது.

ராத்திரி நேரம் பார்ப்பதில் சண்டை. அம்மா சொன்ன நல்ல நேரம் காலை ஏழரை. அது இந்திய நேரம். இங்கே அப்போது விடிகாலை 4 மணி. இரவு 10 முதல் காலை 7 வரை சத்தம் கூடாது என்று மாடிப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினால் மேல்வீடு இறங்கி வரும். இங்கத்துச் சூரியன் உதிக்கும்போது வைப்போம் என்றேன் நான். "அப்ப ராகுகாலம்?" என்றார் இவர். செவ்வாய்க்கிழமை 3 முதல் 4:30 வரை என்பது காலை 6 மணிக்கு உதித்து மாலை 6 மணிக்கு அடங்கும் சூரியனுக்கு. பகலை எட்டாகப் பிரித்து, செவ்வாய்க்கு ஏழாவது பங்கு. இங்கே நாளைக்குச் சூரியன் 9:10 போல உதித்து 3:45 போல அடங்கிவிடும். பகலே ஆறரை மணி நேரம்தான், ஒரு பங்கு 50 நிமிடம்கூட இல்லை. கணக்குப் போட்டால் ராகுகாலம் 2:10 சுமாருக்குத் தொடங்கி 3 மணிக்குள் முடிந்துபோகிறது. ஃபின்லாந்தில் குளிர்காலத்தில் ராகுவுக்கும் வேலை கம்மி.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

இருவருமே அரை நாள் விடுப்பு. 7 மணிக்கு எழுந்தபோது கும்மிருட்டு.

கோலம்தான் முதல் பிரச்சினை. வாசல் என்பது எல்லோரும் ஏறி இறங்கும் மாடிப்படி. அங்கே ஒரு பொருளும் வைக்கக்கூடாது, மாவு கொட்டக் கூடாது. பனிக்காகத் தெருவில் தூவும் சரளைக்கல் ஒட்டிய பூட்ஸ்களோடு ஆட்கள் நடப்பார்கள், போட்டாலும் நிற்காது. வெளியே பனியில் போடலாமென்றால் வெள்ளையில் வெள்ளை. கடைசியில் ஓவனுக்குள் இருந்த கறுப்புத் தகரத் தட்டை உருவினேன். அதைக் கவிழ்த்து அதன் முதுகில் அரிசி மாவால் ஐந்து புள்ளிக் கோலம். கறுப்புத் தரையில் இவ்வளவு பளிச்சென்று என் கோலம் ஊரிலும் விழுந்ததில்லை. செருப்புக் கழற்றும் இடத்தில், கதவுக்கு உள்பக்கம் வைத்தோம். கரும்புத் துண்டுகளை நூலால் கட்டி அதன் பக்கத்தில் சாத்தினேன். விறகுக் கட்டு மாதிரி இருந்தது.

ஒத்திகைப் பாடம் எல்லாம் கைகொடுத்தது. பாத்திரத்தைப் பின்பக்க அடுப்பில் வைத்தோம், பொத்தான்கள் முன்னால் தள்ளி இருக்கின்றன. நடுவில் ஒரு துண்டைச் சுருட்டி அணை கட்டினோம். பாத்திரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே கேக் செய்யும்போது போடும் தாளை விரித்தோம். காந்தப் புலம் தாளைத் தாண்டிப் போகும், பால் இருக்கும்வரை பாத்திரத்தின் அடி தாளைக் கருக்கும் அளவுக்குச் சுடாது. பாத்திரத்தின் கழுத்தில் பச்சை மஞ்சளை நூலில் கட்டினேன். இண்டக்‌ஷனில் ஒரு வசதி, சுற்றிலும் தீ நாக்கு இல்லாததால் நூல் கருகுவதில்லை. ஊரில் மஞ்சள் குலையின் இலை வாடிக் கருகும். அந்த வாசனை இங்கே இல்லை, அது ஒரு குறைதான்.

சமையலறை ஜன்னல் கிழக்குப் பார்த்தது, அதைச் சொல்லித்தான் இந்த வீட்டையே அத்தையிடம் ஒப்புக்கொள்ள வைத்தோம். ஆனால் ஜனவரியில் இங்கே சூரியன் கிழக்கில் உதிப்பதில்லை. தென்கிழக்கையும் தாண்டி, தெற்குப் பக்கமாக எங்கோ எழும்புகிறது. எதிர்க் கட்டிடத்தின் மூலையில் வானம் கொஞ்சம் சாம்பலாக வெளுத்தது, அவ்வளவுதான். மேகமூட்டம் வேறு. தெளிந்த நாளாக இருந்தாலும் நடுப்பகலில் சூரியன் எட்டு டிகிரி சொச்சம்தான் ஏறும். கையை முன்னால் நீட்டி முஷ்டி பிடித்து அடிவானத்தில் வைத்தால் அந்த முஷ்டிக்குள்ளேயே அடங்கிவிடும். வருஷத்தில் சூரியனுக்கு நன்றி சொல்ல ஒரு நாள், அன்றைக்குச் சூரியனே வரவில்லை.

9:20க்குப் பால் பொங்கியது. இந்த முறை அடுப்பு அணையவில்லை. நுரை கழுத்தைத் தாண்டி, மஞ்சள் கிழங்கை நனைத்து, தாளில் இறங்கியது. இருவரும் "பொங்கலோ பொங்கல்" என்றோம். இரண்டு குரல் எவ்வளவு சின்னச் சத்தம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஊரில் சித்தப்பா வீடு, பெரியப்பா வீடு, எதிர்வீடு எல்லாம் சேர்ந்து கத்தும்; சங்கு வேறு. வீடியோவில் அம்மா வந்தாள்.

"எந்தப் பக்கம்ட்டி வழிஞ்சிது?"

"வடக்க."

"நல்லது, நல்லது." இவர் கைப்பேசியில் திசைமானியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் முறைத்ததும் மூடிவிட்டார்.

அப்புறம் சமையல். பொங்கிய பாலில் கொஞ்சத்தை மொண்டு தனியே எடுத்துவிட்டு, தாளையும் உருவிவிட்டு, ஒரு கப் அரிசியும் கால் கப் வறுத்த பாசிப்பருப்பும் போட்டேன். அரிசி இங்கத்து 'பூரோரீசி', கஞ்சிக்கென்றே விற்கும் குட்டை அரிசி. கிறிஸ்துமஸுக்கு இவர்கள் அதை முழுப்பாலில் வேகவைத்து, சர்க்கரையும் பட்டைப்பொடியும் தூவிச் சாப்பிடுகிறார்கள். நம் பச்சரிசியைவிட வேகமாகக் குழைகிறது. கெட்டிப்படும்போதெல்லாம் மொண்டு வைத்த பாலைத் திரும்ப ஊற்றினேன். இரண்டு விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும், அதுவரை வெல்லத்தைத் தொடக்கூடாது. வெல்லம் விழுந்தபின் அரிசி மேற்கொண்டு வேகாது, விரை விரையாக நின்றுவிடும். அவசரப்பட்டால் பாலும் திரியும். ஒன்றரைக் கப் வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி, அடுப்பை அணைத்த பிறகுதான் ஊற்றினேன். கண்ணாடி அடுப்பில் இன்னொரு பயம், சூட்டில் சர்க்கரைப் பாகு சிந்தினால் கண்ணாடியையே அரித்துக் குழியாக்கிவிடும். நம் முறையில் வழிவது வெறும் பால், வெல்லம் கடைசியில். எந்தப் பாட்டி ஏற்படுத்தியதோ, வாடகை வீட்டுக்கும் பொருந்துகிறது.

கற்பூரம் ஏற்றும்போது தீ எச்சரிக்கைக் கருவியை நினைத்து மிளகு அளவு துண்டுதான் வைத்தோம், அது வாயைத் திறக்கவில்லை. முந்திரி வறுத்த நெய் கொஞ்சம் புகைந்ததற்குக் கட்டிடமே கேட்கும்படி அலறியது. இவர் நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிற, நான் ஜன்னலைத் திறக்க, ஐந்து நிமிடம் பொங்கலும் நாங்களும் நடுங்கினோம்.

சத்தத்துக்குக் கதவைத் தட்டியது கீழ்த்தளத்துப் பாட்டி. ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் தின்றுவிட்டு "ரீசிபூரோ!" என்றார், அவர்கள் கஞ்சியின் பெயர். முந்திரி கடிபட்டதும் நிறுத்தி, சிரித்தார். அவர்கள் கஞ்சியில் ஒரே ஒரு பாதாம் ஒளித்து வைப்பார்களாம், யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்கு அந்த வருஷம் யோகம். பாட்டியின் கிண்ணத்தில் ஏழெட்டு முந்திரி இருந்தது.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

வேலை நாள். மாடு இல்லை. நேற்றைய பொங்கல் ஃப்ரிட்ஜில் செங்கல்லாகி இருந்தது, பால் விட்டுச் சூடாக்கித் தின்றோம். பால் பெட்டியில் இருந்த மாட்டுப் படத்துக்கு இவர் பொட்டு வைத்தார்.

ஜனவரி 18, சனி

காணும் பொங்கல் வியாழக்கிழமையே போய்விட்டது. சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்துக்கொண்டோம், வெளிநாட்டில் எல்லாப் பண்டிகையும் சனிக்கிழமைதான்.

அலுவலகத்தில் ஒருவர் இவரிடம் சொன்ன யோசனை இது. தேசியப் பூங்காக்களில் தீ மூட்டவென்று இடம் கட்டி, விறகும் இலவசமாக அடுக்கி வைத்திருப்பார்கள். நூக்ஸியோ பூங்கா பக்கத்தில்தான். ரயிலில் எஸ்பூ மையம், அங்கிருந்து 245 பேருந்து, இறங்கி ஹவ்கலம்பிக் குளம்வரை நடை. என் மடியில் துணிப்பைக்குள் வெண்கலப் பானை. எதிரில் இருந்த சிறுவன் பையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

குளம் உறைந்திருந்தது. தீ மூட்டும் இடத்தில் ஒரு குடும்பம் ஏற்கெனவே கம்பியில் தொத்திறைச்சி சுட்டுக்கொண்டிருந்தது. கேட்டதும் நகர்ந்து இடம் விட்டார்கள். இதை அத்தை படிக்காமல் இருக்க வேண்டும். விறகுக் கொட்டகையில் கோடரியும் இருந்தது. கட்டைகளில் பிர்ச் மரப்பட்டை ஒட்டியிருந்ததை உரித்துப் போடச் சொன்னார் அந்த வீட்டு அப்பா. வெள்ளையாகக் காகிதம் மாதிரி உரிகிறது, ஈரமாக இருந்தாலும் எண்ணெய் விட்டதுபோல் பிடித்துக்கொள்கிறது. ஊரில் நாங்கள் பனை ஓலையை வைத்துச் செய்கிற வேலை.

விறகில் வைத்தால் பானை கரியாகிவிடும். அதற்கு அம்மா சொன்ன வழி, சாம்பலைத் தண்ணீரில் குழைத்து வெளிப்புறம் பூசிவிட்டு ஏற்றுவது. பிறகு தேய்த்தால் கரி அந்தப் பூச்சோடு கழன்று வரும். முந்தைய ஆட்கள் விட்டுப்போன சாம்பலைக் குழைத்துப் பூசினேன், விரல்கள் மரத்துப்போயின. அரை லிட்டர் பால், அரை லிட்டர் தண்ணீர், கழுத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. இரும்புக் கம்பி வலையில் ஏற்றினோம். காற்று தீயை ஒரு பக்கம் தள்ள, அந்தப் பக்கத்துப் பால் மட்டும் சுட்டது. இவர் பூட்ஸைக் கழற்றாமல் குந்தி உட்கார்ந்து ஊதினார். அரைமணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கால் கட்டைவிரல் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தது.

பிறகு ஏடு நடுவில் குமிழ்ந்தது, சுருங்கியது, இன்னொரு தரம் குமிழ்ந்தது. எழும்ப ஆரம்பித்ததும் நிற்கவில்லை. குறுகிய கழுத்துக்குள் நுரை திரண்டு, உருண்டு, நாலு பக்கமும் ஒரே சமயத்தில் கவிழ்ந்து நெருப்பில் விழுந்தது. 'சுர்' என்ற சத்தத்தோடு பால் கருகும் வாசனை வந்தது. அந்த வாசனையைத்தான் நான் செவ்வாய்க்கிழமை முழுக்கத் தேடியிருக்கிறேன் போல. "பொங்கலோ பொங்கல்" என்றோம். என்ன சொல்கிறோம் என்று தெரியாமலேயே அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் எங்களோடு கத்தின. பாதித் தீ அணைந்துபோனதில் அவர்களுடைய தொத்திறைச்சி வேகவில்லை, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

சூரியன் அப்போதும் மரங்களுக்குப் பின்னால்தான் இருந்தது, உச்சிகள் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தன. அங்கே அரிசியை வேகவைக்கும் அளவுக்குப் பொழுது இல்லை, விரலும் இல்லை. பொங்கிய பாலில் வெல்லத்தைத் தட்டிப் போட்டு எல்லோரும் ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தோம். லேசாகத் திரிந்திருந்தது. யாரும் சொல்லவில்லை.

திரும்பும் பேருந்தில் பானையை இரண்டு குப்பைப் பைகளில் சுற்றி வைத்துக்கொண்டேன். வீட்டில் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன், சாம்பல் பூசிய இடமெல்லாம் கரி சுலபமாக வந்துவிட்டது. கழுத்துக்குக் கீழே பூச மறந்த இடத்தில் ஒரு கறுப்பு வளையம் நிற்கிறது. வீடியோவில் அம்மா அதைத்தான் முதலில் பார்த்தாள்.

"அங்கனயும் பூசணும்ட்டி. அடுத்த வருசம் மறந்துராத."